மூடி போட்ட பிரெட் டின்: 450 கிராம் என்ற அந்த எண்

டின் விலை இறங்கியிருக்கிறது, வாங்கலாமா என்று ஒரு தோழி கேட்டார். நெடுநாளாக என்னிடம் இருப்பதும் அதேதான். சூடு சீராகப் பரவுகிறது, பிரெட் ஒட்டாமல் கழன்று விழுகிறது, மூடியும் வளையவில்லை. எரிச்சல் ஒன்றே ஒன்றுதான்: டின் கொள்ளும் பிசைந்த மாவின் எடை என்று அட்டையில் போட்டிருக்கும் "450 கிராம்".

எந்த மாவுக்கு 450 கிராம்? அது அட்டையில் இல்லை. பிசைந்த மாவு தன் எடையைப் போல எத்தனை மடங்கு இடத்தை நிரப்பும் என்பது மாவைப் பொறுத்தது. மூடி போட்டுச் சுடும்போது, மைதா பிரெட் கிராமுக்கு ஏறக்குறைய 4 மில்லி இடத்தை நிரப்பும். மைதாவும் கோதுமை மாவும் பாதிப் பாதி என்றால் 3.5. முழுக் கோதுமை மாவு என்றால் 3-ஐத் தாண்டுவதே பாடு, ஏனென்றால் தவிடு மாவின் இழுவையை அறுத்துவிடுகிறது.

ஆகவே முதலில் டின்னை அளக்க வேண்டும். மூலையில் தகடு மடித்த டின் என்பதால் தண்ணீர் கசியும். உள்ளே மெல்லிய பிளாஸ்டிக் பையை விரித்து, தராசில் வைத்து, மூடியின் அடிப்பக்கம் வரும் மட்டம் வரை ஊற்றினேன். 1,960 கிராம் தண்ணீர் பிடித்தது, அதாவது 1,960 மில்லி. 4-ஆல் வகுத்தால் மைதாவுக்கு 490 கிராம். பாதிக் கோதுமைக்கு 560, முழுக் கோதுமைக்கு 650.

அப்புறம் மாவுக் கணக்கு. மைதா 100 என்றால் தண்ணீர் 64, சர்க்கரை 6, வெண்ணெய் 6, உப்பு 2, ஈஸ்ட் 1, கூட்டினால் 179. பாத்திரத்தில் ஒட்டுவதற்கும் சேர்த்து 500 கிராம் என்று வைத்து 1.79-ஆல் வகுத்தால், 280 கிராம் மைதா போதும்.

சரியா என்று பிரெட்டின் மூலையே சொல்லிவிடும். மேல் விளிம்பு லேசாக மழுங்கி, ஓரத்தில் வெளிர்கோடு ஓடினால் அளவு சரி. விளிம்பு கத்திபோல் கூராகி, மேல்தோலுக்குக் கீழே மாவு நெருங்கி அழுந்தியிருந்தால் அதிகம். மூலைகள் உருண்டு, மேல்பக்கம் மூடியைத் தொடாமல் வெளுத்திருந்தால் குறைவு. ஆனால் பொங்க விட்ட நேரமும் இதே அடையாளங்களைக் காட்டும். அதனால் மாவு டின்னின் முக்கால் உயரத்துக்கும் விளிம்புக்கும் நடுவில் வரும்போதே மூடியைப் போட்டு அடுப்பில் வைத்து, அதை மாற்றாமல் எடையை மட்டும் மாற்றிப் பார்க்க வேண்டும்.

நியாயமாகச் சொன்னால் 450 பொய்யில்லை. பாலும் வெண்ணெயும் தாராளமாகச் சேர்த்த மைதா மாவு கிராமுக்கு 4.3 மில்லி வரை எழும்பும்; அதற்கு அந்த எடை பொருந்தும். அதே எடையில் கோதுமை மாவைப் போட்டால் டின்னில் மூன்றில் ஒரு பங்கு காலியாகவே நிற்கும். கோதுமை பிரெட் சுடத்தான் பலர் இதை வாங்குகிறார்கள். கொள்ளளவை மில்லியில் அச்சடிக்க அந்த நிறுவனத்துக்கு என்ன செலவு?

இத்தனை நல்ல டின்தான். ஆனாலும் தோழியிடம் வேண்டாம் என்றே சொன்னேன். கொள்ளளவை மில்லியில் போட்டு விற்கும் டின் கிடைத்தால் கூடுதல் விலை கொடுத்தாவது அதை வாங்கட்டும்.