ஆறு வருட ஸ்கேன் செயின் அனுபவம்: அந்த ஒரு ஹோல்ட் பிரச்சினை

கல்லூரி நண்பன் ஒருவன் போன வாரம் கேட்டான்: "சின்ன சிப்தான், ஃபிளிப்-ஃபிளாப் நானூறு கூட வராது. ஸ்கேன் போடணுமா, விட்டுடலாமா?" போடு என்று உடனே சொல்லிவிட்டேன். ஆனால் அதோடு சேர்த்துச் சொல்ல வேண்டிய ஒரு விஷயம் மனதில் கிடந்து உறுத்துகிறது.

ஸ்கேன் என்பது, தயாரான சிப்பைச் சோதிக்க அதன் ஃபிளிப்-ஃபிளாப்களைச் செயினாகக் கோப்பது. ஒவ்வொரு ஸ்கேன் செல்லின் உள்ளேயும் நடப்பது ஒரே வரிதான்:

```verilog
always @(posedge clk)
  q <= scan_en ? scan_in : d;
```

`scan_en` 1 ஆக இருந்தால் எல்லா ஃபிளிப்-ஃபிளாப்பும் ஒன்றன் பின் ஒன்றாகக் கோத்த ஷிஃப்ட் ரெஜிஸ்டர். அதை ஒரு கிளாக்குக்கு மட்டும் 0 ஆக்கினால் சர்க்யூட்டின் விடை உள்ளே பதிகிறது. மறுபடி 1 ஆக்கி வெளியே தள்ளிப் படிக்கலாம். D வழியில் ஒரு மக்ஸ் கூடுவதால் வேகமான பாதைகளில் கொஞ்சம் நேரம் போகும். நண்பனின் சிப்புக்கு அது பெரிய விஷயமே இல்லை.

எனக்குக் கசந்தது ஷிஃப்ட் பாதை. சாதாரணப் பாதையில் இரண்டு ஃபிளிப்-ஃபிளாப்புக்கு நடுவே நாலைந்து கேட் இருக்கும், டேட்டா கொஞ்சம் தாமதமாகவே வரும். ஸ்கேன் பாதையில் ஒன்றின் Q நேராக அடுத்ததன் `scan_in`-க்குப் போகிறது, நடுவே எதுவும் இல்லை. அடுத்த ஃபிளிப்-ஃபிளாப்புக்குக் கிளாக் சற்றுத் தாமதமாக வந்தால், பழைய மதிப்பை எடுக்க வேண்டிய இடத்தில் அது புதியதை எடுத்துக்கொள்ளும். இதுதான் ஹோல்ட் மீறல்.

எங்கள் சிப்பில் 400 ஃபிளிப்-ஃபிளாப், ஒரே செயின். முதல் 260 ஒரு கிளாக் கிளையில், மீதி 140 இன்னொரு கிளையில். டெஸ்ட் நேரத்தில் இரண்டுக்கும் ஒரே பின்னிலிருந்துதான் கிளாக் வருகிறது என்பதால், கிளைகளுக்கு இடையே கிளாக் வந்து சேரும் நேரத்தில் வித்தியாசமே இருக்காது என்று செயினைக் கோக்கும் டூலுக்குச் சொல்லியிருந்தோம். நாங்கள் செய்த தவறு அது. அதை நம்பி டூல் 260-ஐயும் 261-ஐயும் நேராக இணைத்துவிட்டது.

சிப் வந்தது. முதல் சோதனையாக 0011 0011 என்று செயின் வழியே தள்ளினோம். 00, 01, 11, 10 என்று நாலு வகை மாற்றமும் அதில் இருப்பதால் எல்லோரும் தொடங்குவது அதில்தான். வெளியே வந்தது 0111 0111. எங்கோ ஒரு இடத்தில் 0-விலிருந்து 1-க்குப் போகும் மாற்றம் மட்டும் ஒரு கிளாக் முன்னதாகவே தாவுகிறது. 1-லிருந்து 0-வுக்கு இறங்குவது சரியாக வருகிறது. கிளாக்கை 10 மெகாஹெர்ட்ஸிலிருந்து 1-க்கு இறக்கிப் பார்த்தோம், அதே 0111. வோல்டேஜை மாற்றியபோது சில சிப்கள் தேறின. வேகத்தைக் குறைத்தும் தீராத பிழை என்றால் முதலில் ஹோல்டைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

ஆனால் எங்கே? தள்ளிய டேட்டா எல்லாம் அந்த இடத்தைத் தாண்டித்தான் வெளியே வருகிறது. அதனால் இந்தச் சோதனையால் இடத்தைச் சொல்ல முடியாது. இரண்டு நாள் இதில் போனது. பிறகு ரீசெட் கொடுத்தோம். ரீசெட்டில் எந்த ஃபிளிப்-ஃபிளாப் 0, எது 1 என்று எங்களுக்கு முன்பே தெரியும். எதையும் உள்ளே தள்ளாமல், அந்த மதிப்புகளை அப்படியே வெளியே இழுத்தோம். செயினின் கடைசியில் இருப்பவை முதலில் வரும். முதல் 140 பிட்டும் சரி; பிழை 141-வதில் தொடங்கியது. அதாவது 260-க்கும் 261-க்கும் நடுவே. இவ்வளவு துல்லியமாகத் தன் நோயைத் தானே காட்டியதைப் பார்த்தபோது, இரண்டு நாள் கோபமும் போய் இந்த அமைப்பின் மேல் மரியாதையே வந்தது.

மருந்து லாக்-அப் லாட்ச். 260-க்குப் பின்னால், அதே கிளையின் கிளாக்கில், கிளாக் தாழ்ந்திருக்கும்போது மட்டும் திறக்கும் ஒரு லாட்ச். டேட்டா அரைச் சுற்று தாமதமாகத்தான் வெளியே போகும். 10 மெகாஹெர்ட்ஸில் அது 50 நானோசெகண்ட். கிளாக் கிளைகளின் வித்தியாசம் அதன் பக்கத்தில்கூட வராது. சிப்பில் உதிரியாகப் போட்டிருந்த ஒரு லாட்ச் கைகொடுத்தது. மெட்டல் அடுக்குகளை மட்டும் மாற்றி அதை இணைத்தோம். அதன்பின் அந்தச் செயின் ஒரு முறைகூடத் தகராறு செய்ததில்லை. உற்பத்தியில் கெட்டுப்போன சிப்களைப் பிடிப்பதில் எனக்கு வேறெதன் மேலும் இவ்வளவு நம்பிக்கை கிடையாது.

சரி, நண்பனுக்கு என்ன பதில்? லாட்ச் போட்டால் தீர்ந்துவிடும் என்று இப்போதுதான் எழுதினேன். ஆனாலும் உன் சிப்பில் இரண்டு கிளாக் கிளையை ஒரே செயினில் கோக்காதே. இரண்டு செயினாகப் பிரித்துவிடு. சிப்பின் பின்களில் இரண்டு கூடினாலும் பரவாயில்லை. லாட்ச் விட்டுப்போயிருக்கிறதா என்று டிசைனைத் தயாரிப்புக்கு அனுப்பும் டேப்-அவுட் இரவில் தேடுவதை இன்னொரு முறை என்னால் தாங்க முடியாது, உனக்கும் அது வேண்டாம்.