ஏசியை மறைப்பதா, பைப்பை மறைப்பதா?

கட்டுகஸ்தோட்டையில் அக்கா வீட்டு ஹோலுக்கு ஏசி வந்தபோது, நுவரெலியாவில் இருக்கும் நாங்கள் சிரித்தோம். மார்ச் மாதக் கண்டிப் புழுக்கத்தில் ஒரு மத்தியானம் உட்கார்ந்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. அக்காவுக்கோ வேறு கவலை. பழைய பலகைச் சீலிங்கின் கீழே பளீரென்று ஒரு வெள்ளைப் பெட்டி, அதிலிருந்து சுவர் நெடுக மூன்றரை மீட்டர் பைப்.

அத்தான் முதலில் பெட்டியை மறைத்தார். மலைவேம்புப் பலகையில் கூடு, முன்னால் சாய்வுச் சட்டங்கள். பார்க்க அலுமாரி மாதிரி அழகுதான். ஆனால் 24இல் வைத்தும் ஹோல் குளிரவில்லை. கூட்டுக்குள் மேல்பக்கம் வெப்பமானியை வைத்துப் பார்த்தேன்: 20 டிகிரி. சோபா பக்கம் 28. ஏசி மேலே காற்றை இழுத்துக் கீழே ஊதும். சட்டத்தில் பட்டுத் திரும்பிய குளிர்காற்றையே மறுபடி இழுத்தால், அறை குளிர்ந்துவிட்டது என்று மெஷின் ஓய்ந்துவிடும். போதாததற்கு, ஃபில்டரைக் கழுவ ஒவ்வொரு முறையும் கூட்டைக் கழற்ற வேண்டும். மேல்பலகையையும் முன்சட்டத்தையும் எடுத்த பிறகு குளிர் சரியாகிவிட்டது. பக்கப் பலகை இரண்டும் மட்டும் நின்றன, அதுவே போதுமாக இருந்தது.

பைப்புக்கு இரண்டு வழி இருந்தது. ஒன்று, சுவரை வெட்டிப் புதைப்பது. கண்ணுக்கு இதைவிடச் சுத்தமான வேலை கிடையாது. ஆனால் அக்கா வீட்டில் அது அரைக்கல் சுவர். வெட்டினால் பாதிச் சுவர் போய்விடும். தடித்த சுவராக இருந்தாலும் செப்புக் குழாயின் மூட்டு உள்ளே வரக் கூடாது, பூசுவதற்கு முன் கசிவு பார்க்க வேண்டும். குழாயைச் சுற்றிய ரப்பர் உறையில் ஒரு இடைவெளி விட்டாலும் அங்கே வியர்க்கும். மழைக்காலத்தில் பூச்சின் மேல் பழுப்பு வளையம் தெரிந்தால் அதுதான் காரணம், மறுபடி உடைக்க வேண்டியதுதான்.

மற்றது பிளாஸ்டிக் கேசிங். மலிவு, திறந்து பார்க்கலாம், சுவர்ப் பெயின்டையே அதற்கும் அடிக்கலாம். சிக்கல் ஏசியில் சேரும் தண்ணீரை வெளியே விடும் குழாயில்தான். அது மீட்டருக்கு ஒரு சென்ரிமீட்டராவது சரிய வேண்டும். மூன்றரை மீட்டருக்கு மூன்றரை சென்ரிமீட்டர். கேசிங்கையும் சேர்த்துச் சரித்தால், நேரான சீலிங் பலகையின் கீழே கோணல் பளிச்சென்று தெரியும். மட்டமாக வைத்தால் தண்ணீர் திரும்பிவந்து சோபாவில் சொட்டும். அகலமான கேசிங் போட்டு உள்ளுக்குள் சரிவு கொடுக்கலாம், ஆனால் அதுவே பெட்டியைவிடக் கண்ணில் உறுத்தும்.

கடைசியில் ஏசியையே வெளிச்சுவருக்கு மாற்றினோம். பைப் பெட்டியின் முதுகுக்குப் பின்னாலேயே, வெளிப்பக்கம் சற்றுத் தாழ்ந்த ஓட்டை வழியாக நேரே வெளியே போகிறது. காஸை இறக்கி ஏற்றிய கூலி கூட்டுக்குச் செலவான பலகையைவிடக் குறைவு என்பதை அத்தானிடம் இன்னும் யாரும் சொல்லவில்லை.