அட்டவணை சொன்ன சைஸா, ஒரு சைஸ் கூடவா, நீளக்கால் வகையா?

டைட்ஸ் கவட்டில் இறங்கித் தொங்கினால் சைஸ் பெரிதாகிவிட்டது என்றுதான் முதலில் தோன்றும். நானும் அப்படி நினைத்து ஒரு சைஸ் குறைத்து வாங்கினேன். நாலு எட்டு நடப்பதற்குள் முன்பைவிடக் கீழே வந்துவிட்டது. பெரும்பாலும் காரணம் நேர்மாறானது. காலுக்கு நீளம் பற்றாதபோது இழுபட்ட துணி தன் பழைய நீளத்துக்குத் திரும்பப் பார்க்கும். பாதம் கீழே பிடித்துக்கொண்டிருப்பதால், இறங்கி வருவது கவட்டுப் பகுதிதான்.

பாக்கெட்டின் பின்னால் இருக்கும் உயரம்-எடை அட்டவணையைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். ஒரே சைஸுக்கான கட்டங்கள் சாய்வாகப் போகும்: உயரம் கூடக்கூட அந்த சைஸுக்கான எடை குறையும். உதாரணத்துக்கு, 172 செ.மீ உயரமும் 58 கிலோ எடையும் உள்ள ஒருத்தி, 156 செ.மீ உயரமும் 70 கிலோவும் உள்ள இன்னொருத்தி, இரண்டு பேரையும் அட்டவணை ஒரே 'M'-இல் போடுகிறது என்று வைத்துக்கொள்வோம். துணி நீளவாக்கில் இழுபட்டால் அகலத்தில் குறுகும், அகலத்தில் இழுபட்டால் நீளம் குறையும் என்பதால் இந்தக் கணக்கு ஓரளவு சரிதான். ஆனால் சிக்கல் வருவதும் இங்கேதான், அதாவது கட்டத்தின் இரண்டு ஓரங்களில்.

முதலில் உயரமானவள். அட்டவணை சொன்ன M அவளுக்கு இடுப்பில் சரியாக உட்காரும், தொடையில் கச்சிதமாக இருக்கும், ஆனால் கவட்டுக்கும் துணிக்கும் நடுவே இரண்டு விரல் இடைவெளி விழும், அது நடக்க நடக்கக் கூடும். ஒரு சைஸ் கூட்டி L வாங்கினால் நீளம் கிடைத்துவிடும், கூடவே இடுப்புப் பட்டை தளர்ந்து மொத்தமும் நழுவ ஆரம்பிக்கலாம். அப்போது மறுபடியும் கவட்டில் தொங்கல், காரணம் மட்டும் வேறு. இரண்டையும் பிரித்தறிவது எளிது. பட்டை வைத்த இடத்திலேயே இருந்து கவடு மட்டும் இறங்கினால் நீளம் போதவில்லை. பட்டையும் சேர்ந்து இறங்கினால் இடுப்பு தளர்ச்சி. இவளுக்கு என் ஓட்டு நீளக்கால் வகைக்குத்தான்: சுற்றளவு M-க்கு உரியது, காலும் கவட்டிலிருந்து பட்டை வரையிலான ஏற்றமும் அதிகம். அது கிடைக்காவிட்டால்தான் L.

சரி, குட்டையாக, சற்றுக் கனமாக இருப்பவள்? அவளுக்கு M-இன் பட்டை வயிற்றில் பதிந்து சிவந்த கோடு போடும், அல்லது சுருண்டு உருண்டு கயிறு மாதிரி ஆகிவிடும். இங்கே L எடுப்பதுதான் நல்லது. கணுக்காலில் மடிப்பு விழும் என்பது உண்மை. ஆனால் அதை மேலே ஏற்றித் தொடை வரை சீராகப் பரப்பிவிடலாம், பதிகிற பட்டையை எதுவும் செய்ய முடியாது. ஒரு விஷயம் கவனிக்கணும்: எல்லாச் சுருளலும் இறுக்கத்தால் வருவதில்லை. ஏற்றம் குறைவாக இருந்து பட்டை வயிற்றின் அகலமான இடத்தில் போய் நின்றாலும் அது சுருளும். பட்டை அகலமாகவும், கவட்டில் தனித் துணித்துண்டு வைத்துத் தைத்ததாகவும் இருந்தால் இந்தத் தொல்லை குறையும், ஏனென்றால் அந்தத் துண்டு தொடைக்கும் பின்பக்கத்துக்கும் கூடுதல் இடம் கொடுத்துப் பட்டையை மேலே ஏற விடுகிறது.

அட்டவணைக்குத் தெரியாத ஒன்று, எடை உடம்பில் எங்கே இருக்கிறது என்பது. 70 கிலோ பின்பக்கத்தில் இருந்தால் கதை வேறு, வயிற்றில் இருந்தால் வேறு. அதனால் டேப் எடுத்து இடுப்பின் கீழே, பின்பக்கம் அதிகம் புடைத்த இடத்தில் ஒரு சுற்று அளந்துகொள்ளுங்கள். பாக்கெட்டில் அந்தச் சுற்றளவும் போட்டிருந்தால், எடையை விட அதையே நம்புவேன்.

இன்னொன்று, முடிவெடுப்பதற்கு முன் போட்ட விதத்தைச் சந்தேகப்படுங்கள். பட்டையைப் பிடித்து மேலே இழுத்தால் துணி முழுக்க மேல்பக்கம் மட்டும் நீண்டு, கால் பகுதி வெறுமனே கீழே இருந்துவிடும். டைட்ஸின் காலைச் சுருட்டிப் பாதத்தில் ஆரம்பித்து, கணுக்கால், முழங்கால், தொடை என்று இரண்டு காலிலும் மாற்றி மாற்றி ஏற்றி, கவடு தொட்ட பிறகுதான் பட்டையைத் தூக்கணும். அப்புறம் உட்கார்ந்து எழுந்து, கொஞ்சம் நடந்து பாருங்கள். அதற்குப் பிறகும் கவடு இறங்கினால்தான் சைஸ் மேல் குற்றம். நூல் மெல்லிய 15 டெனியராக, இழுத்தால் திரும்பச் சுருங்கும் எலாஸ்டேன் இழை கலக்காத நைலானாக இருந்தால், சரியான சைஸே கூட முழங்காலில் பை விட்டுத் தளரும். அதைப் பார்த்து சைஸை மாற்றாதீர்கள், துணியை மாற்றுங்கள்.