திரையில் பளிச், பிரிண்டில் இருட்டு: கருவி இல்லாமல் மானிட்டர் நிறத்தைச் சரிசெய்த ஒன்றரை ஆண்டு அனுபவம்

ஒகேனக்கல்லில் பரிசல் படம் எடுத்து, வீட்டு மானிட்டரில் எடிட் செய்து, தருமபுரியில் லேபுக்குக் கொடுத்து 8×12 பிரிண்ட் போடும் மாணவருக்கு முதல் பிரிண்டிலேயே இரண்டு குறைகள் கண்ணில் படும். திரையில் பார்த்ததைவிடப் படம் இருட்டாக இருக்கும். பரிசல்காரர் முகத்தில் மஞ்சள் ஏறியிருக்கும். லேபில்தான் கெடுத்துவிட்டார்கள் என்று நினைக்கத் தோன்றும். பெரும்பாலும் காரணம் வீட்டு மேசைமேல் இருக்கிறது.

புதிய மானிட்டர் கடை வெளிச்சத்தில் எடுப்பாகத் தெரிய வேண்டும் என்பதற்காகவே பிரைட்னஸ் கூட்டி, வெள்ளையில் கொஞ்சம் நீலம் ஏற்றி அனுப்பப்படுகிறது. திரை அதிக வெளிச்சமாக இருந்தால் படமும் வெளிச்சமாகத் தெரியும். மாணவர் எக்ஸ்போஷரைக் குறைப்பார். திரை நீலமாக இருந்தால் முகம் வெளிறித் தெரியும். அதைச் சரிக்கட்ட மஞ்சள் சேர்ப்பார். காகிதத்தில் பின்னொளியும் இல்லை, நீலமும் இல்லை. குறைத்த வெளிச்சமும் சேர்த்த மஞ்சளும் மட்டும் அங்கே போய்ச் சேர்கின்றன.

இங்கே சொல்லப்படுவது ஒரு சாதாரண 22 அங்குல ஐபிஎஸ் மானிட்டரைப் பற்றியது. அளவிடும் கருவி எதுவும் வாங்காமல், கண், ஒரு வெள்ளைத் தாள், கையில் இருக்கும் கேமரா ஆகியவற்றை வைத்தே அதைச் சரிசெய்து ஒன்றரை ஆண்டாகப் புழங்கியதில் தெரிந்தவை இவை.

முதலில் அறை. நம் பக்கத்து வீடுகளில் வெளிர்பச்சை, ரோஸ் சுவர்கள் அதிகம். பகல் வெளிச்சம் அந்தச் சுவரில் பட்டுத் திரும்பும்போது அறையே லேசாக அந்த நிறம் கொள்ளும். கண்ணும் அதற்குப் பழகிவிடும். ஜன்னல் திரையை இழுத்துவிட்டு, எடிட் செய்யும்போது எப்போதும் ஒரே டியூப்லைட்டைப் போடுங்கள். 'கூல் டே லைட்' எல்இடி டியூபின் அட்டையில் 6500K என்று போட்டிருக்கும். மானிட்டர் வெள்ளைக்கும் இலக்கு 6500K-தான் என்பதால் அந்த டியூப் நமக்கு வசதியான துணை. மஞ்சள் பல்பு வேண்டாம். டியூபின் ஒளி நேராகத் திரையில் விழக்கூடாது.

மானிட்டரைப் போட்டு அரைமணி நேரம் ஓடவிடுங்கள். விண்டோஸில் Night light அணைந்திருக்க வேண்டும். மானிட்டரின் சொந்த மெனுவில் கண் பாதுகாப்பு மோட், டைனமிக் கான்ட்ராஸ்ட் இரண்டையும் அணையுங்கள். டைனமிக் கான்ட்ராஸ்ட் ஓடினால் படத்துக்குப் படம் பின்னொளி ஏறி இறங்கும். அதை வைத்துக்கொண்டு எதைச் சரிசெய்தாலும் நிற்காது. கான்ட்ராஸ்டைத் தொழிற்சாலை அளவிலேயே விட்டுவிடுங்கள்.

அடுத்து பிரைட்னஸ். இதைக் கண்ணால் மட்டும் முடிவு செய்வது கடினம், ஏனென்றால் எந்த வெளிச்சத்துக்கும் கண் சில நிமிடங்களில் பழகிவிடும். கேமராவின் லைட் மீட்டர் பழகாது. திரை முழுக்க ஒரு வெள்ளைப் படத்தைத் திறந்துகொள்ளுங்கள். கேமராவை M மோடில் ISO 100, f/5.6 வைத்து, ஒரு அடி தள்ளி நின்று, ஃபிரேம் முழுக்க வெள்ளை மட்டுமே இருக்கும்படி பிடியுங்கள். ஃபோகஸ் ஆகவேண்டியதில்லை. மீட்டர் முள் நடுவில் 0-இல் நிற்கும்வரை ஷட்டரை மாற்றுங்கள். ஷட்டரின் கீழ் எண்ணை 4-ஆல் பெருக்கினால் திரை வெளிச்சம் ஏறத்தாழ எத்தனை நிட் என்று கிடைக்கும்; நிட் என்பது திரை வெளிச்சத்தின் அலகு. 1/25 என்றால் 100 நிட், 1/30 என்றால் 120, 1/20 என்றால் 80. பிரிண்டுக்கு எடிட் செய்ய 80-க்கும் 120-க்கும் நடுவில் இருந்தால் போதும். டியூப் வெளிச்ச அறைக்கு 100 பொருத்தமாக அமைகிறது. மீட்டருக்கு மீட்டர் கொஞ்சம் வேறுபடும் என்றாலும், இந்த வேலைக்கு அந்தப் பிழை பெரிதில்லை.

இந்த மானிட்டர் பெட்டியிலிருந்து எடுத்தபோது பிரைட்னஸ் 90-இல் இருந்தது. கேமரா 1/60 காட்டியது. அதாவது சுமார் 240 நிட், தேவையைவிட இரண்டு மடங்குக்கும் மேல். பிரைட்னஸை 30-க்கு இறக்கிய பிறகுதான் 1/25 வந்தது. முதல் இரண்டு நாள் திரை மங்கலாகத் தெரியும். எண்ணைத் தொடாமல் விட்டால் கண் பழகிக்கொள்ளும்.

இனி வெள்ளை. மெனுவில் நிறவெப்ப அமைப்பை User என்று மாற்றினால் R, G, B மூன்றும் தனித்தனியாக வரும். பெரும்பாலும் மூன்றும் 100-இல் இருக்கும். ஒரு ஏ4 தாளை மானிட்டருக்குப் பக்கத்தில், டியூப் வெளிச்சம் படும்படி, ஆனால் திரையின் ஒளி அதன்மேல் விழாதபடி பிடியுங்கள். தாளை இரண்டு நொடி, திரையை இரண்டு நொடி மாறிமாறிப் பாருங்கள். திரையை உற்றுப் பார்த்துக்கொண்டே இருந்தால் எந்த நிறமும் வெள்ளையாகத்தான் தெரியும். முதல் பார்வையில் படுவதுதான் கணக்கு.

திரை நீலமாகப் பட்டால் B-யை இரண்டு இரண்டு புள்ளியாகக் குறையுங்கள். பச்சையாகப் பட்டால் G-யை, ரோஸாகப் பட்டால் R-ஐயும் கொஞ்சம் B-யையும். மஞ்சளாகப் பட்டால் R, G இரண்டையும் சேர்த்துக் குறைக்க வேண்டும், ஏனென்றால் B ஏற்கெனவே உச்சத்தில் இருக்கிறது. தொடக்கத்தில் எதையும் கூட்டுவதில்லை, குறைப்பது மட்டுமே. ஒரு நிறமாவது 100-இல் நிற்க வேண்டும். இந்த மானிட்டருக்கு R 100, G 96, B 88 என்று அமைந்தது. நிறத்தைக் குறைத்தால் வெளிச்சமும் இறங்கும். கேமரா 1/20 காட்டியதால் பிரைட்னஸை 36-க்கு ஏற்ற வேண்டிவந்தது.

தாளிலும் ஒரு சூட்சுமம் உண்டு. அச்சுத்தாளை வெள்ளையாகக் காட்ட அதில் ஒளிரும் பொருள் சேர்க்கிறார்கள்; ஜன்னல் வெளிச்சத்தில் அது நீலம் தட்டும். அதனால் ஒப்பிடுவது டியூப் வெளிச்சத்தில் மட்டும் இருக்கட்டும். லேபில் பிரிண்ட் போடுகிற அதே போட்டோ தாளின் வெள்ளை ஓரம் கிடைத்தால் இன்னும் நல்லது.

வெள்ளைக்குப் பிறகு காமா. நடுச்சாயல்கள் எவ்வளவு வெளிச்சமாகத் தெரியும் என்பதைத் தீர்மானிப்பது இதுதான். நோட்பேடில் கீழே உள்ள இரண்டு வரியை எழுதி gamma.html என்ற பெயரில் சேமித்து, பிரவுசரில் திறவுங்கள்.

```
<body style="margin:0;background:repeating-linear-gradient(#000 0 1px,#fff 1px 2px)">
<div style="width:200px;height:200px;margin:100px;background:#bababa"></div>
```

விண்டோஸ் ஸ்கேல், பிரவுசர் ஜூம் இரண்டும் 100% இருக்க வேண்டும். மானிட்டர் அதன் முழு ரெசொல்யூஷனில் ஓட வேண்டும். இல்லாவிட்டால் கோடுகள் கலங்கி, சோதனை பொய் சொல்லும். ஆறேழு அடி தள்ளி நின்று கண்ணைச் சுருக்கிப் பாருங்கள். கறுப்பும் வெள்ளையும் பாதிப்பாதி இருப்பதால் கோடுகள் பாதி வெளிச்சமாகக் கலந்து தெரியும். நடுவில் இருக்கும் கட்டம், 0 முதல் 255 வரையான அளவில் 186 சாம்பல். நமக்கு வேண்டிய காமா 2.2 என்றால் கட்டம் பின்னணியில் ஏறக்குறைய மறைந்துவிடும். கட்டம் வெளிறித் தனியாகத் தெரிந்தால் காமா குறைவு, கறுத்துத் தெரிந்தால் அதிகம். மானிட்டர் மெனுவில் காமா அமைப்பை ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்து, கட்டம் அதிகமாக மறைகிற அமைப்பில் விடுங்கள். மலிவான லேப்டாப் திரைகளில் தலையைக் கொஞ்சம் ஏற்றி இறக்கினாலே கட்டம் கறுத்து வெளுக்கும். அப்படிப்பட்ட திரையில் எந்த அமைப்பும் நிலைக்காது; திரையின் சாய்வையாவது ஒரே கோணத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

விண்டோஸ் தேடல் பெட்டியில் dccw என்று தட்டினால் ஒரு நிறச்சரிபார்ப்பு வழிகாட்டி திறக்கும். அதில் வரும் பிரைட்னஸ் படி மாணவர்களைக் குழப்புகிறது. பழைய பெட்டி மானிட்டர்களில் அந்தக் குமிழ் கறுப்பின் ஆழத்தை மாற்றியது. எல்சிடியில் அதே பெயரில் இருப்பது பின்னொளி. வழிகாட்டி சொல்கிறபடி கறுப்பைப் பார்த்து பிரைட்னஸைத் திருப்பினால், கேமராவால் வைத்த அளவு போய்விடும். அந்தப் படியைத் தாண்டிச் செல்லுங்கள். மெனுவில் காமா அமைப்பே இல்லாத மானிட்டருக்கு மட்டும் இதன் காமா ஸ்லைடரைப் பயன்படுத்தலாம். அதையும் அதிகம் இழுத்தால் வானத்தில் பட்டை பட்டையாகக் கோடு விழும்.

கறுப்பைச் சோதிக்க, முழுக் கறுப்புப் படத்தில் 4, 8, 12 அளவுள்ள மூன்று சாம்பல் கட்டங்கள் வரைந்து, விளக்கை அணைத்துப் பாருங்கள். 12 கண்டிப்பாகத் தெரிய வேண்டும், 8 லேசாகத் தெரியலாம். 12-கூடத் தெரியாவிட்டால் முதலில் HDMI கேபிள் வழியை சந்தேகப்படுங்கள். கம்ப்யூட்டர் 0 முதல் 255 வரை அனுப்ப, மானிட்டர் டிவி போல 16 முதல் 235 வரை என எடுத்துக்கொண்டால் இருட்டுப் பகுதி மொத்தமாகக் கறுப்பில் மூழ்கும். இதுவே தலைகீழாக இருந்தால் கறுப்பு சாம்பல் பூத்துத் தெரியும். இரண்டு பக்கமும் Full என்று வைத்தால் தீரும். R, G, B-யைத் திருப்பி இதைச் சரிசெய்ய முடியாது.

பரிசல் படத்துக்கு வருவோம். பழைய அமைப்பில் எடிட் செய்த கோப்பை, சரிசெய்த திரையில் திறந்தால் பிரிண்டில் கண்ட குறை இப்போது திரையிலேயே தெரிகிறது: பரிசலின் கறுப்பு அடிப்பகுதி ஒரே கட்டி, பாறை பழுப்பு, முகம் மஞ்சள். எக்ஸ்போஷரை முக்கால் ஸ்டாப் ஏற்றி, சேர்த்த மஞ்சளை எடுத்ததும் பரிசலின் பின்னல் தெரிந்தது, அருவி நுரையும் வெளுக்கவில்லை. அந்தக் கோப்பை லேபுக்குக் கொடுக்கும்போது 'கரெக்‌ஷன் போடாமல் போடுங்கள்' என்று சொல்லுங்கள். லேப்களில் நிறம், வெளிச்சம் இரண்டையும் தாங்களே திருத்திப் போடும் வழக்கம் உண்டு. அப்படி வந்த பிரிண்டை வைத்து மானிட்டரை எடைபோட முடியாது. பிரிண்டையும் அதே டியூப் வெளிச்சத்தில்தான் பார்க்க வேண்டும்.

ஒன்றரை ஆண்டில் மாறியது அதிகமில்லை. பின்னொளி மெல்ல மங்கியதால் அதே 1/25 வர பிரைட்னஸ் இப்போது 41 ஆகியிருக்கிறது. வெள்ளை லேசாக மஞ்சள் பக்கம் நகர்ந்ததால் B 88-இலிருந்து 91. மாதம் ஒருமுறை கேமராவும் தாளும் வைத்துப் பார்க்கப் பத்து நிமிடம் ஆகிறது. எண்களைத் தேதியோடு ஒரு சீட்டில் எழுதி மானிட்டர் முதுகில் ஒட்டியிருக்கிறது. வீட்டில் யாராவது மெனுவைத் தட்டி மாற்றிவிட்டாலும் சீட்டைப் பார்த்துத் திரும்ப வைத்துவிடலாம்.

இந்த முறைக்கு எட்டாதவையும் உண்டு. வெளிச்சம், வெள்ளை, காமா மூன்றும் கைக்கு அடங்கும். திரை எந்தெந்த நிறங்களைக் காட்ட வல்லது என்பது மாறாது. அரக்குப் பட்டுச் சேலையின் சிவப்பு, பழுத்த மாம்பழத் தோலின் மஞ்சள் போன்ற அடர்நிறங்களில் திரையைவிட ஹிஸ்டோகிராமை நம்புங்கள்: சிவப்புக் கோடு வலது விளிம்பில் மோதி நின்றால் சேலையின் மடிப்பு பிரிண்டில் வராது. முகநிறத்தில் சந்தேகம் வந்தால் படத்திலேயே சாம்பலாக இருக்க வேண்டிய பாறையிலோ சிமெண்ட் தரையிலோ ஐட்ராப்பரை வைத்து R, G, B மூன்றும் ஏறக்குறைய சமமா என்று பாருங்கள். சிவப்பு-பச்சை பிரித்தறியச் சிரமம் உள்ளவர்கள் தாள் ஒப்பீட்டை இன்னொருவரைக் கொண்டு செய்யவேண்டும். கல்யாண ஆல்பம் கூலிக்கு எடுக்கத் தொடங்கும்போது, அளவிடும் கருவியை ஒரு நாளுக்காவது இரவல் வாங்கி ஒருமுறை அளந்துவிடுவது அவசியம்.