எட்டும் ஆறும்: துணையின் பணக் குணத்தைச் சொல்வது ஜாதகமா, எண்கணிதமா?

கல்யாணத்துக்கு முன்பு எண்கணிதம் பார்த்தோம். கல்யாணமாகிச் சில வருடம் கழித்து, வீட்டில் பணப் பேச்சு எடுத்தாலே சண்டை வருகிறதே என்று ஜாதகத்தையும் கொண்டுபோய்க் காட்டினோம். இரண்டிலும் கேட்டது ஒரே கேள்விதான்: எங்களில் யார் செலவாளி, யார் கைப்பிடிப்பு? பதில்கள் நேர் எதிராக வந்தன. இன்றைக்கு யாராவது என்னிடம் கேட்டால் ஜாதகம் என்றுதான் சொல்வேன். அதற்குக் காரணம் ஒன்றே ஒன்று, அதைப் பிறகு சொல்கிறேன்.

எண்கணிதத்தை முதலில் முடித்துவிடலாம். என் பிறந்த தேதி 17-3-1988. ஒன்றும் ஏழும் எட்டு, அது பிறவி எண். தேதி, மாதம், வருடம் எல்லாவற்றையும் கூட்டினால் 37, அதைக் கூட்டினால் 10, கடைசியில் 1. இது விதி எண். மனைவி பிறந்தது 24-11-1991. பிறவி எண் 6. மொத்தக் கூட்டல் 28, அதுவும் 10 ஆகி ஒன்றில்தான் நிற்கிறது. எட்டு சனியின் எண், ஆறு சுக்கிரனின் எண், ஒன்று சூரியனின் எண். பார்த்தவர் ஒரு துண்டுக் காகிதத்தில் இவ்வளவையும் எழுதிவிட்டு நிமிர்ந்தார். எட்டுக்காரர் காசை எண்ணி எண்ணிச் செலவழிப்பார், ஆறுக்காரர் அழகுக்கும் சௌகரியத்துக்கும் அள்ளி விடுவார், வீட்டுக் கணக்கை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்றார். இருவருக்கும் விதி எண் ஒன்று என்பதால் யாரும் யாரையும் கேட்டுச் செலவு செய்ய மாட்டீர்கள் என்றும் சேர்த்துக்கொண்டார். அது மட்டும் உண்மை என்று மனைவி இன்றும் சொல்வாள். பிறகு அவள் பெயரின் ஆங்கில எழுத்துக்களுக்கு மேல் குட்டி குட்டி எண்களைப் போட்டுக் கூட்டி, ஓர் எழுத்தைக் கூடுதலாகச் சேர்த்தால் செலவு அடங்கும் என்றார். நாங்கள் சேர்க்கவில்லை.

அவர் கணக்கில் தப்பில்லை. பிறந்த நேரம் தெரியாதவர்களும் இதைப் பார்த்துக்கொள்ளலாம். ஆனால் எங்கள் வீட்டில் ஒவ்வொரு செலவையும் நோட்டில் குறித்து வைப்பது ஆறுக்காரிதான்.

ஜாதகம் பார்த்தவர் முதலில் பணத்தைத் துண்டு துண்டாகப் பிரித்தார். பிறந்த நேரத்தில் உதயமாகும் ராசிதான் லக்னம்; அதிலிருந்து இரண்டாம் இடம் கையில் தங்கும் பணம், ஆறு கடன், பதினொன்று வரவு, பன்னிரண்டு விரயம். நன்றாகச் சம்பாதிப்பவன் சேர்த்து வைப்பான் என்று கட்டாயமில்லை, ஒவ்வொன்றுக்கும் தனி வீடு, தனி அதிபதி. எனக்கு மேஷ லக்னம். இரண்டுக்கும் ஏழுக்கும் அதிபதி சுக்கிரன், அவர் லக்னத்திலேயே, மேஷத்தில் உட்கார்ந்திருக்கிறார். அதாவது கையில் இருக்கும் பணத்துக்கு உரியவரும் துணைக்கு உரியவரும் ஒரே கிரகம், அவர் இருப்பதோ என் லக்னத்தில். "வீட்டுக்கும் வீட்டுக்காரம்மாவுக்கும் செலவழிக்கிற கை தம்பி இது" என்றார். மனைவியின் கட்டத்தில் அதே சுக்கிரன் கன்னியில் பலமிழந்து நீசம், சனி தன் வீடான மகரத்தில் ஆட்சி. அந்த நீசத்தை நீக்கும் நீசபங்கம் இருக்கிறதா என்று தனியாகப் பார்க்க வேண்டும் என்றாலும், சௌகரியத்துக்குக் காசு கொடுக்கத் தயங்குகிற மனது என்று அவர் படித்தார். எண்ணில் சனிக்காரன் நான், சுக்கிரக்காரி அவள். கட்டத்தில் அப்படியே தலைகீழ்.

துணையைப் பற்றித் தெரிந்துகொள்ள அவர் ஏழாம் இடத்தையே லக்னமாக வைத்து எண்ணினார். ஏழுக்கு இரண்டாவது வீடு எட்டு, ஆகவே என் எட்டாம் இடம் மனைவியின் கைப்பணம். ஏழுக்குப் பன்னிரண்டாவது வீடு ஆறு. துணையின் விரய வீடும் நம் கடன் வீடும் ஒன்றுதான்! அவர் இதைச் சொன்னபோது நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். எனக்கு ஒன்பதில் இருக்கும் சனி பத்தாம் பார்வையாக அந்த ஆறைப் பார்க்கிறார், அதனால் அந்தப் பக்கம் செலவு இறுகும் என்பது அவர் கணக்கு.

சரி, ஜாதகப்படி நான் செலவாளி என்றால், கல்யாணத்தின்போது நான் எட்டுக்காரன் மாதிரியே ஏன் இருந்தேன்? ஏனென்றால் அப்போது நான் உண்மையிலேயே கஞ்சன். இந்தக் கேள்விக்குத்தான் எண்கணிதத்திடம் பதில் இல்லை. எண் என்பது பிறந்த அன்று ஒட்டிய முத்திரை. வருட எண் என்று ஒன்றைப் போட்டுப் பார்ப்பார்கள், ஆனால் அது எல்லாருக்கும் ஒன்பது வருடச் சுற்றில் ஒரே வரிசையில்தான் வந்து போகும். ஜாதகத்தில் தசா புக்தி இருக்கிறது. ஒரே கட்டத்தில் எந்தக் கிரகம் எப்போது பேசும் என்பதை அதுதான் சொல்கிறது.

எனக்கு ஏறத்தாழ 2004இல் தொடங்கி 2023 வரை சனி தசை, 19 வருடம். மேஷத்துக்குச் சனி பதினொன்றின் அதிபதி, ஒன்பதில் இருந்து மூன்றாம் பார்வையாகத் தன் வீடான கும்பத்தையும் பார்க்கிறார். மெதுவாகச் சேர், கடன் பக்கம் போகாதே என்கிற காலம் அது. எண்கணிதம் பார்த்தபோது நான் அதன் நடுவில் இருந்தேன், அதனால் எட்டு சரியாகப் பொருந்தியது. 2023க்குப் பிறகு புதன் தசை. புதன் ஆறுக்கு உரியவர், இருப்பது பதினொன்றில். கடன் வாங்கிக் காரியம் செய்யத் துணிவு வரும் என்று சொல்வார்கள். வந்தது. தவணை என்ற சொல்லையே விரும்பாதவன் இரண்டு தவணை கட்டிக்கொண்டிருக்கிறேன். மனைவி நோட்டில் அதற்கென்று தனிப் பக்கம் ஒதுக்கியிருக்கிறாள்.

இதெல்லாம் நடந்த பிறகு திரும்பிப் பார்த்துப் பொருத்துவது, அதை ஒப்புக்கொள்கிறேன். வயது முப்பத்தைந்தைத் தாண்டினால் தசை மாறாவிட்டாலும் செலவு கூடத்தான் செய்யும்.

இதைவிடப் பெரிய ஓட்டை பிறந்த நேரம். லக்னம் சுமார் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை ராசி மாறும். நான் பிறந்தது காலை 8.45 என்று குறித்திருக்கிறார்கள். ஒரு மணி நேரம் தள்ளியிருந்தால் ரிஷப லக்னம். அப்போது அதே சுக்கிரன் லக்னாதிபதியாகப் பன்னிரண்டில், விரய வீட்டில் நிற்பார். லக்னத்தில் வைத்துப் படித்த அதே கிரகத்தை விரயம் என்று படித்திருப்பார்கள். அதனால் நேரம் உறுதியாகத் தெரியாத ஜாதகத்தில் வீடுகளை வைத்துச் சொல்லும் பணப் பலனை நான் நம்ப மாட்டேன். சுக்கிரன் உச்சமா நீசமா, சனி எந்த ராசி என்பது மட்டும் பெரும்பாலும் அன்று முழுக்க மாறாது, அதோடு நிறுத்திக்கொள்ளலாம். அப்புறம் பத்துப் பொருத்தத்தில் இதைத் தேட வேண்டாம். நட்சத்திரத்தையும் ராசியையும் வைத்துப் பார்ப்பது அது, இந்த வீடுகள் அதில் வராது.

தசையின் உட்பிரிவுதான் புக்தி. புதன் தசையில் புதனின் சுயபுக்தியும் கேது புக்தியும் முடிய மூன்று வருடம் ஐந்து மாதம் ஆகும். அடுத்து 34 மாதம் சுக்கிர புக்தி, லக்னத்தில் இருக்கும் அதே சுக்கிரன். அது எனக்கு இன்னும் அனுபவத்தில் வராத கட்டம், ஆகவே பலன் சொல்லப் போவதில்லை. வீட்டுக் கணக்கை மட்டும் ஆறுக்காரியிடமே விட்டுவிட்டேன்.