டர்பன்வாசிகளே, தமிழாக்கிய சம்மதப் படிவத்தை நம்பிக் கையெழுத்துப் போடாதீர்கள்

சாட்ஸ்வொர்த்தில் மகள் வீட்டுக்கு வந்திருந்த ஒரு அம்மாவுக்குப் பித்தப்பை ஆபரேஷன். அவருக்குத் தமிழ் மட்டுமே படிக்கத் தெரியும். மருத்துவமனை தந்தது இங்கிலீஷ் படிவம். "ரெண்டு பேர் சரிபார்த்துத் தருவோம்" என்று காசு வாங்கியவர்கள் கொடுத்த தமிழ்ப் படிவம் எங்களிடம் வந்தது. ஒருவர்கூட அதைத் திரும்பப் படித்த அடையாளம் இல்லை.

ரத்தம் ஏற்றுவது பற்றி இரண்டு கட்டங்கள். ஒன்று சம்மதம், மற்றது மறுப்பு. தமிழில் இரண்டிலும் "சம்மதிக்கிறேன்" என்றே இருந்தது. மேல்வரியை நகலெடுத்து ஒட்டியவர் வாலை மாற்ற மறந்திருக்கிறார். தமிழில் மறுப்பு வினையின் வாலில்தான் உட்கார்ந்திருக்கும்: சம்மதிக்கிறேன், சம்மதிக்கவில்லை, நிறுத்தலாம், நிறுத்தக் கூடாது. வால் போனாலும் வாக்கியம் பிழையில்லாமல் நிற்பதால் கணினியின் எழுத்துப்பிழைத் திருத்தி இதைக் காட்டாது.

ஆகவே இங்கிலீஷ் தாளில் நாட், நோ, வித்தவுட், அன்லெஸ், எக்செப்ட், ரெஃப்யூஸ் ஆகிய ஒவ்வொன்றையும் சிவப்பில் வட்டமிடுங்கள். தமிழில் அதற்கு ஈடான இல்லை, கூடாது, -ஆமல், ஒழிய, மறுக்கிறேன் எங்கே என்று ஒவ்வொன்றாகத் தேடிக் கோடு போடுங்கள். எண்ணிக்கை ஒத்துப்போக வேண்டியதில்லை. ஆனால் ஜோடியில்லாத வட்டம் ஒன்றுகூட மிஞ்சக் கூடாது. அன்லெஸ் வரும் வரிகளில்தான் அதிகம் சறுக்குகிறார்கள். "மருத்துவர் சொன்னால் ஒழிய வார்ஃபரின் மாத்திரையை நிறுத்தக் கூடாது" என்பது, இதே படிவத்தில், "மருத்துவர் சொன்னபடி நிறுத்தவும்" என்று ஆகியிருந்தது.

அடுத்தது ஆபரேஷனின் பெயர். தலைப்பில் "பித்தப்பை அகற்றம்", இரண்டாம் பக்கத்தில் "பித்தக்கல் அகற்றம்", கையெழுத்துக்கு மேலே "லேப்ராஸ்கோபி". மூன்றும் ஒன்றல்ல. பித்தநாளத்தில் சிக்கிய கல்லை வாய்வழியே எண்டோஸ்கோப் விட்டு எடுப்பது தனிச் சிகிச்சை. அதில் பித்தப்பை உள்ளேயே இருக்கும். லேப்ராஸ்கோபி என்பது உள்ளே போகும் வழிதான், எதை எடுக்கிறார்கள் என்பதை அது சொல்லாது. அந்த அம்மாவோ கல்லை மட்டும் எடுப்பார்கள் என்றே நினைத்திருந்தார். ஒரே பெயரை முதலிலிருந்து கடைசி வரை வைத்து, முதல்முறை வருமிடத்தில் இப்படி விளக்கினால் போதும்: "வயிற்றில் சில சிறு துளைகள் போட்டு, கேமரா விட்டுப் பார்த்து, பித்தப்பையை முழுதாக எடுத்துவிடுவார்கள். அப்படி முடியாவிட்டால் வயிற்றைத் திறந்து எடுப்பார்கள்." "உதரக்குழி உள்நோக்கு வெட்டல்" என்று எழுதுவது யாருக்காகவோ, தெரியவில்லை.

கடைசியாக, மூலத்தைப் பார்க்காத ஒருவர் தமிழ்ப் படிவத்தைப் படித்து இங்கிலீஷில் திருப்பிச் சொல்லட்டும். பிறகு நோயாளியே, தாளைப் பார்க்காமல், எதை எடுக்கிறார்கள், எதற்கு மறுப்புச் சொன்னேன் என்று சொல்லட்டும்.

பிழை கண்டால் நீங்களே பேனாவால் திருத்தாதீர்கள். வார்டு நர்ஸிடம் காட்டி, மருத்துவர் முன்னிலையில் மாற்றச் சொல்லுங்கள். 2003-ஆம் ஆண்டின் தேசிய நலவாழ்வுச் சட்டம், 6-ஆம் பிரிவு, முடிந்தவரை நோயாளிக்குப் புரியும் மொழியில், அவருடைய எழுத்தறிவுக்கு ஏற்ப விளக்கச் சொல்கிறது. அதைச் சொல்லியே கேட்கலாம்.