உள்ளிருந்தே ஆள் எடுத்துவிட்டார்களா? இரண்டு பதில்கள்

"இந்த இடத்துக்குக் கம்பெனி உள்ளிருந்தே ஒருவரை எடுத்துவிட்டோம்" என்று ஹெச்ஆர் மெயில் வந்தால், பலரும் எழுதுவது இது: "நன்றி. வேறு வாய்ப்பு இருந்தால் சொல்லுங்கள்." மரியாதையான பதில்தான். ஆனால் பிறகு அவர்கள் ஆள் தேடும்போது நம்மைக் கண்டுபிடிக்க உதவும் எதுவும் அதில் இல்லை.

இன்னொரு பதில்: "தகவலுக்கு நன்றி. உங்கள் டேலண்ட் பூலில் என் பெயரை வைத்திருக்க முடியுமா? ஏபிஐ டெஸ்டிங்கில் 4 வருட அனுபவம், நோட்டீஸ் பீரியட் 60 நாள், சென்னை, கோவை இரண்டும் சரி. தேர்வானவரின் பழைய இடத்துக்கு ஆள் தேடினால் என்னையும் பாருங்கள்."

நான் இதைத்தான் அனுப்பச் சொல்வேன். டேலண்ட் பூல் என்பது பிறகு கூப்பிட எடுத்துவைக்கும் பெயர்ப் பட்டியல்; அதை ஹெச்ஆர் ஆட்கள் திறமை, ஊர், நோட்டீஸ் பீரியட் வைத்துத்தான் வடிகட்டுகிறார்கள். அதைவிட முக்கியம் கடைசி வரி. ஒருவர் உள்ளுக்குள் மாறினால் அவர் இருந்த நாற்காலி பெரும்பாலும் காலியாகும், அதற்கான விளம்பரம் இன்னும் வந்திருக்காது. அந்த இடம் ஒரு படி கீழே இருக்கலாம். பதவியையும் சம்பளத்தையும் கேட்டுக்கொண்டு முடிவு செய்யுங்கள். ஐடி கம்பெனியில் ப்ராஜெக்ட் இல்லாமல் பெஞ்சில் இருந்தவரைப் போட்டிருந்தால் காலியிடமே வராது, அப்போதும் மற்ற விவரங்கள் பயன்படும்.

புது மெயில் வேண்டாம். பழைய மெயிலுக்கே ரிப்ளை போடுங்கள். இன்டர்வியூ பேச்செல்லாம் அதிலேயே இருக்கும்.